பில் புத்தகமா, ஃபோன் ஆப்பா, ஸ்கேனர் வைத்த கணினியா: ஒரு பலசரக்குக்கடை பில்லில் நேரம் எங்கே போகிறது

நாங்கள் விற்பது பில்லிங் மென்பொருள். அதனால் மூன்றாவது வழிதான் நல்லது என்று சொல்வோம் என எதிர்பார்ப்பீர்கள். சில கடைகளுக்கு அது நல்லதில்லை. எந்தக் கடைக்கு எது என்பதைத் தீர்மானிக்க, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துப் பலசரக்குக்கடை ஒன்றில் பின்னேரம் வரும் ஒரு சாதாரணச் சாமான் பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

சீனி 1 கிலோ, மைசூர்ப் பருப்பு 500 கிராம், சின்ன வெங்காயம் 750 கிராம், கோதுமை மா 1 கிலோ. இந்த நான்கும் நிறுத்துக் கட்டுபவை. பிறகு பால்மா பைக்கற், தேயிலை, பிஸ்கட், சவர்க்காரம் இரண்டு, தீப்பெட்டி. கடைசியாக ஷாம்பு சஷே நான்கு. மொத்தம் பத்து வரி.

பில் புத்தகத்தில் ஒரு வரி எழுத 8 செக்கன் என்று வையுங்கள். பத்து வரிக்கு 80. நிறுத்த சாமான் நான்குக்கும் கால்குலேட்டரில் பெருக்க 6 செக்கன் வீதம் 24. கடைசியில் கூட்ட 20. எல்லாமாக 124 செக்கன். ஸ்கேனரில் ஐந்து சாமானுக்கு 2 செக்கன் வீதம் 10, நிறுத்தவற்றுக்குக் குறியீடு அடித்து எடை போட 5 செக்கன் வீதம் 20, சஷேக்கு 5, காசு வாங்கி பில் அடிக்க 10. அது 45 செக்கன். வித்தியாசம் 79 செக்கன். நாளுக்கு இப்படி 60 பில் என்றால் ஏறத்தாழ 79 நிமிடம் மிச்சம். இந்தச் செக்கன்கள் உதாரணத்துக்கு. உங்கள் கடையில் ஃபோன் ஸ்ரொப்வோச்சை வைத்துப் பத்துப் பில்லை அளந்து, உங்கள் இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள். நிறுக்கும் நேரமும் சரை கட்டும் நேரமும் எந்த வழியிலும் குறையாது. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு சோடா, ஒரு பாண் என்று வந்து போகிறவர்கள்தான் அதிகம் என்றால் பில் புத்தகமே வேகமானது. கரண்ட் போனாலும் பேனை எழுதும். அந்தக் கடைக்கு மென்பொருள் தரும் பயன் இருப்புக் கணக்கும் கடன் கொப்பியும்தான், வரிசை குறையாது.

ஃபோன் ஆப்பும் 58 மில்லிமீற்றர் புளூடூத் பிறிண்டரும் இடைப்பட்ட வழி. செலவு குறைவு, கரண்ட் இல்லாமலும் பற்றரியில் ஓடும். ஆனால் கமரா ஒவ்வொரு பைக்கற்றுக்கும் ஃபோக்கஸ் பிடிக்க வேண்டும். சுருங்கிய பிளாஸ்ரிக் உறையில் அது தடுமாறும். ஐந்து சாமானுக்கு மேல் போனால் ஸ்கேனரோடு போட்டி போட முடியாது. பில் நடுவில் அழைப்பு வந்தால் வேலையும் நிற்கும். ஒருவர் மட்டும் நிற்கும் கடைக்கு, நாளுக்கு 20 அல்லது 30 பில் என்றால், இது போதும்.

எக்செலில் பில் போடுவதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கல்லாவில் அது வேகம் தராது. சாமான் பட்டியல் தயாரிக்க மட்டும் வசதி. அதிலும் ஒரு பொறி உண்டு. 13 இலக்கப் பார்கோடை எக்செல் `4.79E+12` என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் `.csv` ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். இலங்கையில் பதிவான பார்கோடுகள் 479 என்று தொடங்குவதால், பட்டியலில் பாதிச் சாமான் ஒரே இலக்கமாகத் தெரிவதை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்கலாம். பார்கோடு வரும் நிரலை முதலிலேயே `Text` ஆக்கிவிட்டு ஒட்டுங்கள்.

இனி ஸ்கேனர் வைத்த கணினி. நேரம் மிச்சமாவதும் வீணாவதும் ஸ்கேனரில் இல்லை, மேலே பார்த்த பட்டியலில் பார்கோடு இல்லாத பாதியில்தான். நிறுக்கும் சாமானுக்கு, நாளாந்தம் போகிற 40 சாமானுக்கு மட்டும் இரண்டு இலக்கக் குறியீடு கொடுத்து, அந்தத் தாளைத் தராசுக்கு நேர் மேலே ஒட்டுங்கள். ஒரு கிழமையில் கல்லாவில் நிற்கும் பெடியனுக்கு மனப்பாடமாகிவிடும். பெயரைத் தட்டித் தேடினால் 5 செக்கன் 15 ஆகும், கணக்குக் கலையும்.

ஸ்ரிக்கர் அடிக்கும் தராசு இருந்தால் இதையும் தவிர்க்கலாம். அது அடிக்கும் பார்கோடு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
21 00007 00750 2
```

21 கடைக்குள் மட்டும் பாவிக்கும் முன்னிலக்கம், 00007 சாமான் குறியீடு, 00750 எடை கிராமில், கடைசி 2 சரிபார்ப்பு இலக்கம். அதே இடத்தில் எடைக்குப் பதிலாக விலையை அடிக்கும்படியும் தராசை அமைக்கலாம். தராசு எடை என்று அடிக்க, மென்பொருள் விலை என்று வாசித்தால், 750 கிராம் வெங்காயம் 750 ரூபாயாகப் பில்லில் வரும். பொருத்தும் நாளில் 1 கிலோவும் 250 கிராமும் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரித்தான். இலக்கங்களைத் தட்டி, என்ரர் அடித்துவிடும். கேர்சர் அளவுப் பெட்டியில் நின்றால், சவர்க்காரம் இரண்டுக்குப் பதிலாக 13 இலக்க எண்ணிக்கையில் விற்பனையாகும். அன்றைய பில் தொகையில் சிரிப்பு வரும், இருப்பைத் திருத்தும்போது வராது. அளவுக்கு 999 என்ற மேல் எல்லை போட முடிகிற மென்பொருளை வாங்குங்கள்.

வாங்க முன் கட்டாயம் பார்க்க வேண்டியது, ஒரே பார்கோடுக்கு இரண்டு விலை. பழைய சரக்கில் சவர்க்காரம் 160 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும், புதிதாக வந்த பெட்டியில் 180. பார்கோடு மாறாது. ஒரு விலை மட்டும் வைக்கும் மென்பொருளில் 180 என்று மாற்றினால், பழைய கட்டியையும் 180க்கு விற்பீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு கட்டியிலும் 20 ரூபாய் போகும். கையால் திருத்தினால் மிச்சம் பிடித்த செக்கன்கள் அதிலேயே போய்விடும். ஸ்கேன் செய்ததும் 160, 180 என்று இரண்டு வரி தோன்றி, அம்புக்குறியால் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். விற்க வருகிறவரிடம், எங்களிடமும்தான், இதை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் பில் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். சாதாரணத் தெர்மல் பிறிண்டர்களில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. மென்பொருள் வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள் வரும். படமாக அடிப்பது சற்று மெதுவானது. 58 மில்லிமீற்றர் தாளில் நீண்ட பெயர்கள் மடியும், எனவே தமிழ் பில்லுக்கு 80 எடுங்கள். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்ற வேண்டாம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், தேடினால் அகப்படாது.

முதல் வேலைச் சுமையையும் சொல்லிவிட வேண்டும். 800 சாமான், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றால் 13 மணித்தியாலத்துக்கு மேல். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவது என்று இருந்த கடைகள் நடுவில் கைவிட்டுவிடும். வேகமாகப் போகும் 150 சாமானை மட்டும் ஒரு ஞாயிறு ஏற்றி, திங்கள் தொடங்குங்கள். மற்றவற்றை, கொம்பனி வான் வந்து சாமான் இறக்கும்போது அந்தப் பில்லைப் பார்த்துச் சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத சாமான் வந்தால் "இதர" என்று ஒரு குறியீட்டில் விலை மட்டும் போட்டு விற்று, இரவு லாச்சிக் காசை எண்ணும்போது அந்த வரிகளைப் பார்த்து ஏற்றுங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். குறியீடு மனப்பாடமாகும் முதல் கிழமையில் பில் புத்தகத்தை விட மெதுவாகத்தான் போகும்.