கணக்கைக் கூடவே கொண்டு போவதா, மட்டக்களப்பிலேயே விட்டுவைப்பதா?

அக்கரைப்பற்றுக்கு இடமாற்றம் வந்ததும் நடைமுறைக் கணக்கையும் அங்குள்ள கிளைக்கு மாற்றினேன். பிறகு மட்டக்களப்பு தளபாடக் கடைக்காரரிடமிருந்து போன். "தம்பி, உங்கட செக் திரும்பி வந்திருக்கு, கணக்கு மூடியாச்சாம்." கணக்கில் பணம் இருந்தது, ஆனால் அது புதிய இலக்கத்தில் இருந்தது.

காசோலையின் அடியில் உள்ள இலக்க வரியில் செக் இலக்கம், வங்கிக்கு 4 இலக்கம், கிளைக்கு 3 இலக்கம், கணக்கு இலக்கம் எல்லாம் அச்சாகியிருக்கும். வங்கிகள் தங்களுக்குள் செக்கைத் தீர்த்துக்கொள்ளும் தீர்வகத்தில் போவது செக்கின் படமும் அந்த வரியும்தான், நாம் வீடு மாறியது அதற்குத் தெரியாது. சில வங்கிகளில் கணக்கு இலக்கமே கிளை இலக்கத்தோடுதான் தொடங்கும், அங்கே கிளை மாறினால் கணக்கு இலக்கமும் மாறிவிடும். எனக்கு நடந்தது அதுதான். இலக்கம் மாறாத வங்கி என்றால் பெரிய சிக்கல் இல்லை, ஆனாலும் கையில் உள்ள பழைய செக் புத்தகம் செல்லுமா என்று கேட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

நான் தளபாடத்துக்கு மாதம் 10ஆம் திகதிக்கு 25,000 ரூபாய் வீதம் ஆறு பின்திகதியிட்ட செக் கொடுத்திருந்தேன், மாற்றும்போது மூன்று பாக்கி. அதோடு மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் அனுப்பச் சொல்லும் ஸ்டாண்டிங் ஓடர் இரண்டு, ஒன்று லீசிங் தவணைக்கு, மற்றது அம்மாவின் கணக்குக்கு. அந்தக் கட்டளைகள் பழைய இலக்கத்தோடு பதியப்பட்டவை, தானாக இடம்பெயரவில்லை. அம்மாவுக்குப் போகாதது அவ கேட்டபோதுதான் தெரிந்தது, லீசிங்கில் தாமதக் கட்டணமும் விழுந்தது.

கணக்கை மாற்றாமலே விட்டிருந்தால்? பணம் போடுவது, எடுப்பது எல்லாம் அக்கரைப்பற்றுக் கிளையிலேயே நடந்திருக்கும், ஏ.டி.எம். கார்டுக்குக் கிளை பேதம் கிடையாது. செக் புத்தகம் எடுப்பது, கையொப்ப அட்டை, கடன் என்று வரும்போதுதான் சொந்தக் கிளையைத் தேடவேண்டி வரும், அதற்காக ஒரு நாள் லீவு எடுத்து பஸ் ஏறுவது எரிச்சல்தான், அதுவும் கல்முனை தாண்டி மட்டக்களப்புக்கு வரவேண்டும்.

மூன்றாவது வழி, அக்கரைப்பற்றில் புதுக் கணக்கு திறந்து பழையதையும் கொஞ்சக் காலம் வைத்திருப்பது. இரண்டுக்கும் குறைந்த மீதி, கட்டணம் என்று கொஞ்சம் செலவுதான், ஆனாலும் இலக்கம் மாறுகிற வங்கியில் எனக்கு இதுதான் சரி. சம்பளப் பிரிவுக்குப் புது இலக்கத்தை எழுதிக் கொடுங்கள், ஒரு மாதச் சம்பளம் அதில் விழுவதைப் பாருங்கள். அப்புறம் புதுக் கணக்கில் ஸ்டாண்டிங் ஓடரைத் தொடங்கி, பழையதை எழுத்தில் நிறுத்துங்கள், இரண்டும் ஒரே மாதத்தில் ஓடினால் தவணை இரண்டு தரம் போகும். கடைசி செக் தீரும் வரை பழைய கணக்கில் அந்தத் தொகை கிடக்கட்டும். யாராவது செக்கை மாற்றாமல் வைத்திருந்தால், செக்கில் உள்ள திகதியிலிருந்து ஆறு மாதம் கழிந்ததும் அது காலாவதியாகிவிடும், அதுவரை மூடாதீர்கள்.

கடைக்காரரிடம் மூன்று செக்கையும் திருப்பி வாங்கி, புதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கினார், ஆனால் முதலாவதைக் காசாகத்தான் கேட்டார்.