வடிகட்டுவதா, சுழற்றுவதா? புரதத் திரட்சி பார்க்கும் டிஎல்எஸ் மாதிரியில் தூசை நீக்கும் இரண்டு வழிகள்

டைனமிக் லைட் ஸ்கேட்டரிங், சுருக்கமாக டிஎல்எஸ், என்பது கரைசலிலுள்ள துகள்கள் சிதறும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து அவற்றின் அளவைக் கணிக்கும் முறை. அதைச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் அறிவுரை: "மாதிரியை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிவிட்டு வை." புரதம் ஒற்றை மூலக்கூறாக இருக்கும்போது அதன் அளவு என்ன என்பதுதான் கேள்வி என்றால் இந்த அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் புரதம் திரள்கிறதா என்று பார்க்க வந்தவருக்கு இது ஆபத்து. தூசும் பெரிய துகள், திரளும் பெரிய துகள். ஒன்றை விரட்டும் வழி மற்றொன்றையும் விரட்டலாம். எனவே ஃபில்டரையும் சென்ட்ரிஃபியூஜையும் ஒப்பிடும்போது, எது மாதிரியை நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பதைவிட, எது நாம் தேடும் திரளை விட்டுவைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆன்டிபாடி கரைசல். எந்த அளவுத் துகளிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் ஒளிச்செறிவுப் பரவலில் இரண்டு முகடுகள் தெரிகின்றன: 11 நானோமீட்டரில் 70 சதவீதம், 120 நானோமீட்டரில் 30 சதவீதம். முதலாவது ஒற்றை ஆன்டிபாடி. இரண்டாவது என்ன?

அதற்கு முன், 30 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். சிறு துகள் சிதறும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. அதே எடைக்குக் கணக்கிட்டால் மூன்றாம் அடுக்கு. 120 என்பது 11-ஐப்போல ஏறக்குறைய 11 மடங்கு. ஆகவே ஒரே எடையுள்ள திரள் சுமார் 1300 மடங்கு ஒளியைச் சிதறும். பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த 30 சதவீத ஒளிக்குக் காரணமான திரள் மொத்தப் புரத எடையில் சுமார் 0.03 சதவீதம்தான். திரளை அடர்த்தியான உருண்டையாகக் கொண்ட கணக்கு இது, ஆகவே தோராயம். ஆனாலும் எந்த அளவுக்கு நுணுக்கமான விஷயத்தைப் பார்க்கிறோம் என்பது புரிந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் அரை மைக்ரோகிராம்கூட இல்லாத பொருளைப் பற்றிய பேச்சு இது. ஒரு சிட்டிகைத் தூசு இந்தப் படத்தை அடியோடு மாற்றிவிடும்.

இந்த மாதிரிக்குக் கருவி காட்டும் சராசரி அளவு ஏறத்தாழ 15 நானோமீட்டர், துகள் அளவுகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று சொல்லும் பாலிடிஸ்பர்சிட்டி இண்டெக்ஸ் (பிடிஐ) ஏறத்தாழ 0.33. இரண்டு முகடுகளில் எதுவும் அந்த 15 நானோமீட்டரில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடிஐ 0.1-க்குக் கீழே இருந்தால் மட்டுமே சராசரியை ஒரு துகளின் அளவாக நம்பலாம். 0.33 என்றால் சராசரியை ஒதுக்கிவிட்டுப் பரவலைப் பார்க்க வேண்டும்.

இப்போது ஃபில்டர். 0.22 மைக்ரான் என்பது 220 நானோமீட்டர். நம் 120 நானோமீட்டர் திரளில் பெரும்பகுதி அதைக் கடந்துவிடும், தூசின் பெரும்பகுதி நிற்கும். இந்த ஒரு மாதிரிக்கு அது நல்லதாகவே தோன்றும். ஆனால் திரள் 300, 400 நானோமீட்டர் வரை வளர்ந்திருந்தால் அதுவும் ஃபில்டரில் தங்கிவிடும், நீங்கள் "திரட்சி இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். 0.1 மைக்ரானுக்கு இறங்கினால் நம் 120 நானோமீட்டர் முகடே குறையும். இதைத் தவிர இன்னும் இரண்டு தொல்லைகள். நீர்த்த புரதம் ஃபில்டர் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாக இருந்தால் அது பெரிய இழப்பு. வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை அளந்து பார்த்தால்தான் இழப்பு தெரியும். அத்துடன் ஃபில்டரே முதல் சில துளிகளில் துகள்களை உதிர்க்கும். ஆகவே முதலில் பஃபரை அதன் வழியே செலுத்திக் கழுவி, புரதத்தின் முதல் சில துளிகளையும் விட்டுவிட வேண்டும். மசகிட்ட பிஸ்டன் உள்ள சிரிஞ்சில் சிலிக்கோன் எண்ணெய்த் துளியும் கூடவே வரலாம்.

சென்ட்ரிஃபியூஜ் வேறு வகையில் பிரிக்கிறது. ஃபில்டர் அளவை மட்டும் பார்க்கும். சுழற்சி அளவோடு அடர்த்தியையும் பார்க்கும். இங்கேதான் நம் மாதிரிக்கு ஒரு வழி திறக்கிறது. 1 மைக்ரான் கனிமத் தூசு 1000 g விசையில், அதாவது புவியீர்ப்பைப்போல 1000 மடங்கில், நொடிக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இறங்கும். கால் நிமிடத்துக்குள் ஒரு சென்டிமீட்டர். அதே விசையில் 5 நிமிடம் சுழன்றாலும் 120 நானோமீட்டர் திரள், அடர்த்தியாக இருந்தாலும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகரும். ஆனால் பலர் வழக்கமாகச் செய்வதுபோல 10,000 g-யில் 10 நிமிடம் சுழற்றினால் அதே அடர்த்தியான திரள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அதாவது மேல்நீரில் அது இருக்காது. தளர்வான திரள் இதைவிட மெதுவாக இறங்கும் என்பதால் கொஞ்சம் மிஞ்சலாம். எவ்வளவு என்பது தெரியாமலே போகும். "வேகமாகச் சுழற்று, சுத்தமாகும்" என்ற பழக்கத்தை நான் ஏற்பதில்லை.

மெதுவான சுழற்சிக்கும் குறை உண்டு. நூலிழை, தோல் துணுக்கு போன்ற லேசான தூசு அடர்த்தியில் நீரை ஒட்டியிருப்பதால் மெதுவாகவே இறங்கும். 300 நானோமீட்டர் திரளும் 1000 g-யில் பாதி வழி போய்விடும். எடுக்கும்போது அடியைத் தொடாமல் மேல் பகுதியிலிருந்து பைப்பெட்டில் மெதுவாக எடுக்க வேண்டும்.

என் தேர்வு இப்படி: பஃபரை எப்போதும் 0.1 மைக்ரானில் வடிகட்டுவேன், அதில் இழக்க ஒன்றுமில்லை. அந்தப் பஃபரை மட்டும் முதலில் அளந்து, எண்ணிக்கை வீதம், அதாவது நொடிக்கு வந்து சேரும் சிதறிய ஒளியின் அளவு, தாழ்வாகவும் சீராகவும் இருக்கிறதா என்று பார்ப்பேன். புரதத்தை 1000 g-யில் 5 நிமிடம் மட்டும் சுழற்றுவேன். மாதிரி தாராளமாக இருந்தால் ஒரு பகுதியை 0.1 மைக்ரான் ஃபில்டரில் தனியே வடித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். குவெட்டை வடிகட்டிய நீரில் பலமுறை அலசி, கவிழ்த்து உலர்த்த வேண்டும்; உள்ளே டிஷ்யூ காகிதம் விட்டால் அதுவே நார் உதிர்க்கும். குளிரிலிருந்து எடுத்த கரைசலைச் சூடேற விட்டு அளந்தால் குமிழித் தொல்லையும் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் 120 நானோமீட்டர் முகடு நின்றால், அது தூசா திரளா என்று எண்களே சொல்லும். ஒரே நீண்ட அளவீட்டுக்குப் பதில் 5 நொடி அளவீடுகளாக 20 எடுங்கள். தூசு அரிதாகக் கடக்கும்: சில அளவீடுகளில் மட்டும் எண்ணிக்கை வீதம் எகிறும், ஒளியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் ஒப்புறவு வளைவின் வால் பூஜ்யத்துக்கு இறங்காமல் மேலேயே தொங்கும், முகடு ஒரு முறை 800, ஒரு முறை 3000 என்று இடம் மாறும். திரள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் எல்லா அளவீட்டிலும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே பங்கோடு வரும். தூசு கடந்த அளவீடுகளை நீக்கலாம், ஆனால் 20-இல் எத்தனை நீக்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். பாதிக்கு மேல் நீக்க நேர்ந்தால் மாதிரியைத் திரும்பத் தயாரிப்பதே சரி.

கடைசியாகப் பரவலின் வகை. கருவி அதே தரவைக் கனஅளவுப் பரவலாகவும் மாற்றிக் காட்டும். அதில் நம் மாதிரி 11 நானோமீட்டரில் 99.9 சதவீதத்துக்கு மேல் என்று வரும், 120 முகடு கண்ணுக்கே தெரியாது. இரண்டும் பொய்யில்லை. திரள் இருக்கிறதா என்பதற்கு ஒளிச்செறிவுப் பரவல், எடையில் எவ்வளவு என்பதற்குக் கனஅளவுப் பரவல், அதுவும் ஒப்பீட்டளவில் மட்டும். எண்ணிக்கைப் பரவலை இந்த வேலைக்கு நான் திறப்பதே இல்லை. அடிப்படைத் தரவிலுள்ள சிறு பிழையும் அதில் பூதாகரமாகும். இரண்டு ஆன்டிபாடிகள் சேர்ந்த இரட்டைகளை இந்த மூன்றில் எதுவும் காட்டாது. அருகருகே உள்ள இரு அளவுகளைப் பிரிக்க டிஎல்எஸ்ஸுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு இடைவெளி தேவை, அதனால் இரட்டைகள் முதல் முகட்டைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டு அதற்குள்ளேயே மறைந்திருக்கும். அவற்றைத் தேடினால், மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் சைஸ் எக்ஸ்க்ளூஷன் குரோமட்டோகிராஃபிக்குப் போக வேண்டும்.