க்வெரி லெட்டர் எழுதித் தர்றோம்னு 480 டாலர் உருவிட்டாங்க, நாவல் எழுதி முடிச்சவங்க படிச்சிட்டுப் போங்க

இன்னும் கோவம் அடங்கல, அதனால எழுத்து முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க. முதல் க்ரைம் நாவல் எழுதி முடிச்சு, 82,000 வார்த்தை, இங்கிலீஷ்ல, அமெரிக்க ஏஜென்ட்டுங்களுக்கு அனுப்பலாம்னு இருந்தேன். அங்க பெரிய பதிப்பகங்க நேரா எழுத்தாளர்கிட்ட இருந்து கையெழுத்துப் பிரதி வாங்குறது ரொம்ப அபூர்வம், ஏஜென்ட் வழியாத்தான் போகணும், ஏஜென்ட்டோட கதவைத் தட்டறது ஒரு பக்க க்வெரி லெட்டர். அதை எழுதிக் கொடுத்து "சரியான ஏஜென்ட்டுங்களுக்கு" நாங்களே அனுப்புறோம்னு சொன்ன ஒரு ஆன்லைன் சர்வீஸ்கிட்டதான் 480 டாலர் கட்டினேன்.

ஏன் நம்பினேன்னா, போன்ல பேசின அந்தம்மா என் முதல் அத்தியாயத்தை நிஜமாவே படிச்சிருந்தாங்க. என் கதாநாயகி பிணவறையில உதவியாளர். வேற வேற ஆஸ்பத்திரியில இருந்து வந்த ரெண்டு உடம்புல ஒரே மாதிரி விசித்திரமான தையல் முடிச்சைப் பாக்குறா, அந்த முடிச்சு அவளுக்குத் தொழில் கத்துக்கொடுத்த சீனியரோடது. "அந்த முடிச்சைப் பாத்ததும் அவ கையுறையைக் கழட்டிட்டு வெறும் விரலால தொட்டுப் பாக்குறா பாருங்க, அங்க எனக்குப் புல்லரிச்சுது"ன்னாங்க. அவ்ளோதான், கார்டு நம்பரைக் கொடுத்துட்டேன். இப்ப நினைச்சா எரியுது.

அனுப்பின லெட்டர் என் கைக்கு வந்ததே ஒரு ஏஜென்ட் புண்ணியத்துல. என் வெப்சைட்ல இருந்து மெயில் ஐடி எடுத்து, "உங்க பேர்ல இது வந்திருக்கு, தெரியுமா"ன்னு அவர் ஃபார்வர்ட் பண்ணினாரு. திறந்தா "அன்புள்ள ஏஜென்ட்"னு ஆரம்பம். பேரு கூட இல்ல. To-ல இருக்கவேண்டிய இடத்துல அந்த சர்வீஸோட ஐடியே, மத்த எல்லாரும் BCC-ல, ஒரே க்ளிக்ல அத்தனை பேருக்கும். முதல் வரி "ஒரு கொலைகாரனின் மனசுக்குள்ளே என்ன ஓடும்னு யோசிச்சிருக்கீங்களா?" அடுத்த பாரா சமூகத்துல நன்மை தீமைன்னு ஒரு சொற்பொழிவு, அதுக்கடுத்து கொலைகாரன் யாருன்னே போட்டு உடைச்சிருக்காங்க! முடிவைச் சொல்றது முழுக் கதையையும் சுருக்கித் தர்ற சினாப்சிஸ்ல. க்வெரில கதை, கதாநாயகிக்கு என்ன வேணும், என்ன தடுக்குது, தோத்தா என்ன போகும், அதோட நிக்கணும். என் கதைன்னா, சீனியரைக் காட்டிக் கொடுத்தா பல வருஷம் முன்ன ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்ச ஒரு சாவும் வெளிய வரும், காட்டிக் கொடுக்கலன்னா மூணாவது உடம்பு வரும், அங்கயே நிறுத்தியிருக்கணும். அதுக்கு 200 வார்த்தை போதும். அப்புறம் ஒரே வரியில தலைப்பு, வகை, வார்த்தை எண்ணிக்கை, சமீப வருஷங்கள்ல வந்ததுல நம்ம நாவலோட ஒப்பிடுற மாதிரி ரெண்டு நாவல், ரெண்டு வரி நம்மைப் பத்தி, முடிஞ்சுது. இவங்களோ "அடுத்த பெஸ்ட்செல்லர்"னு எழுதி வச்சிருக்காங்க.

காசை விடுங்க. ஒரு ஏஜென்ட் ஒரு நாவலை வேண்டாம்னுட்டா, பெருசா திருத்தி எழுதினாலொழிய அதையே திரும்ப அனுப்ப முடியாது. நிறைய பேர் பதிலே போடமாட்டாங்க, பதில் இல்லன்னா வேண்டாம்னுதான் அர்த்தம். எனக்குன்னு நான் பாத்துப் பாத்து வச்சிருந்த லிஸ்ட்ல க்ரைம் எடுக்குறவங்க பாதிப்பேராவது இந்தக் குப்பையைப் பாத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன், அதுவும் பதில் எல்லாம் அந்த சர்வீஸோட ஐடிக்குத்தான் போகும், எவர் என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

கேட்டா என்ன சொன்னாங்க தெரியுமா? முதல்ல "பதிப்புத்துறை ரசனை சார்ந்தது மேடம்". அப்புறம் "இது மெதுவான சீசன்". யாருக்கெல்லாம் அனுப்பினீங்க, அந்த லிஸ்ட்டையாவது குடுங்கன்னா "எங்க தொழில் ரகசியம்". போன்ல புல்லரிச்ச அந்தம்மா "வேற டீமுக்கு மாறிட்டாங்க"ளாம். கடைசியா 480 டாலரைத் திருப்பிக் கேட்டதுக்கு, இன்னும் 300 கட்டினா ப்ரீமியம்ல மறுபடி அனுப்புறோம்னு ஒரு ஆஃபர், டிக்கெட் க்ளோஸ்டு. என்னா தைரியம்!

டிப்ஸ் நீளமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல. லெட்டரைத் திருத்த யாருக்கு வேணா காசு கொடுங்க, அனுப்புறது மட்டும் உங்க மெயில்ல இருந்து, உங்க கையால. மொத்தமா அனுப்பாதீங்க, அஞ்சாறு பேருக்கு அனுப்பி, ஒருத்தர்கூட நாவலோட பக்கங்களைப் படிக்கக் கேக்கலன்னா லெட்டரை மாத்துங்க, மிச்ச லிஸ்ட் பத்திரமா இருக்கும். படிக்கவே காசு கேக்குற ஏஜென்ட்டைப் பாத்தா ஓடுங்க, நிஜ ஏஜென்ட்டுக்கு வருமானம் நாவல் வித்தப்புறம் வர்ற கமிஷன், வழக்கமா 15 சதவீதம். காசு கட்டுறதுக்கு முன்ன அந்த சர்வீஸ் பேரை, எழுத்தாளர்களை ஏமாத்துறவங்களைப் பத்தி எச்சரிக்கிற ரைட்டர் பிவேர் தளத்துல தேடுங்க.

பேங்க்ல 480 டாலருக்கு டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், வந்தா சொல்றேன்.