சீலிங்குக்கு மேலே போய்ப் பார்க்காமல் ஃபயர் டேம்பர் பில்லுக்குப் பணம் கொடுத்து விடாதீர்கள்

கோவையில் ஒரு சிறிய மருத்துவமனையின் பராமரிப்பு என் பொறுப்பு. போன வருடம் இரண்டாவது மாடியில் ஏசி வேலை முடிந்து, 14 ஃபயர் டேம்பருக்கும் "பொருத்தி, இயக்கிச் சோதிக்கப்பட்டது" என்று சான்றிதழ் தந்தார்கள். நம்பி பில்லைப் பாஸ் பண்ணினேன். போன மாதம் வெளியிலிருந்து ஒரு தீப்பாதுகாப்புப் பொறியாளரை வரவழைத்து வராண்டா சீலிங்கைத் திறந்து பார்த்தோம். அவர் கொடுத்த அறிக்கையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

தெரியாதவர்களுக்காக: ஏசி காற்று போகிற தகட்டுக் குழாயான டக்ட் ஒரு தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும்போது அந்த ஓட்டை வழியாக நெருப்பும் புகையும் அடுத்த பக்கம் போய்விடும். அதை அடைக்கிற கதவுதான் டேம்பர். எங்கள் இடத்தில் வராண்டாதான் நோயாளிகளைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு வெளியேறும் வழி, அதனால் ஒவ்வொரு வார்டு சுவரிலும் ஒன்று வேண்டும்.

முதல் டேம்பரைப் பார்த்ததுமே அவர் டேப்பை எடுத்து அளந்தார். சுவரிலிருந்து 40 செ.மீ. தள்ளி, டக்டின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடுகிற பிளேடு சுவரின் தடிமனுக்குள் இருக்க வேண்டும் சார் என்றார். வெளியே இருந்தால், சுவருக்கும் டேம்பருக்கும் நடுவில் வெறும் மெல்லிய ஜிஐ தகடுதான், சூட்டில் அது வளைந்து பிரிந்துவிடும், டேம்பர் ஒழுங்காக மூடியிருந்தாலும் நெருப்பு அதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும். சுவருக்கு வெளியே வைக்க அனுமதிக்கிற மாடல்களும் உண்டு, ஆனால் அந்தத் துண்டு டக்டைத் தயாரிப்பாளர் சோதித்துக் காட்டிய முறைப்படி தீத்தடுப்புப் பலகையால் மூட வேண்டும். எங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. இதே மாதிரி ஆறு.

சுவருக்குள் சரியாக உட்கார்ந்திருந்தவற்றிலும் சுற்றியுள்ள இடைவெளியை ஜன்னலுக்கு அடிக்கிற சாதாரண பியூ ஃபோமை வைத்து அடைத்திருந்தார்கள். அது எரியும். மேலே சிமெண்ட் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்ததால் கீழிருந்து பார்த்தால் கலவை போட்டு மூடியது போலத் தெரியும். ஸ்குரூ டிரைவரால் குத்தினார், உள்ளே புசுக்கென்று இறங்கியது.

ஆனால் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது சோதனை விஷயத்தில்தான். 14 டேம்பரில் ஐந்தை மட்டுமே கையால் தொட முடிந்தது. மூன்றுக்குக் கீழே சீலிங்கில் திறப்பே இல்லை, முழு ஜிப்சம் போர்டு. நான்கில் திறப்பு இருக்கிறது, ஆனால் டேம்பரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, நடுவில் கேபிள் ட்ரே. மீதி இரண்டில் டக்டின் ஆய்வுக் கதவு ஸ்பிரிங்ளர் குழாயில் இடிக்கிறது, திறக்கவே வராது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு டேம்பரைப் பராமரிக்கவும் சோதிக்கவும் எட்டும்படி வைக்கச் சொல்கிறது. எட்டவே முடியாத ஒன்பதை இவர்கள் எப்படிச் சோதித்தார்கள்?

பதில் போர்டை அறுத்தபோது கிடைத்தது. உள்ளே இருந்த இரண்டு டேம்பரில், பிளேடைத் திருப்புகிற மோட்டாரான ஆக்சுவேட்டருக்கு வயரே கொடுக்கவில்லை. கைப்பிடியால் சுற்றித் திறந்து, லாக் போட்டு விட்டுவிட்டார்கள். இந்த வகையில் மின்சாரம் இருக்கும் வரை பிளேடு திறந்திருக்கும், போனால் ஸ்பிரிங் இழுத்து மூடும். டக்டுக்குள் இருக்கிற 72 டிகிரி ஃப்யூஸ் செய்வதும் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான். வயரே இல்லாமல் லாக் போட்டிருந்தால் ஃப்யூஸ் போனாலும் எதுவும் நடக்காது, திறந்தபடியே நிற்கும்.

அதனால் இப்போது ஏசி வேலை நடக்கிறவர்கள் தயவுசெய்து சீலிங் மூடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு டேம்பருக்கும் நம்பர் ஒட்டி, சுவரோடு சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் உங்கள் கண் முன்னால் ஃபயர் பேனலில் அலாரம் கொடுக்கச் சொல்லி, ஆய்வுக் கதவு வழியாக டார்ச் அடித்துப் பிளேடு முழுசாக மூடுகிறதா, திரும்பத் திறக்கிறதா என்று பாருங்கள். ஆக்சுவேட்டரில் இருக்கும் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம், தண்டு நழுவியிருந்தால் முள் திரும்பும், பிளேடு நகராது. சீலிங் போட்ட பிறகு அதே சோதனையை இன்னொரு முறை, இந்த முறை ஏணியில் ஏறித் திறப்பு வழியாக. கை போகவில்லையென்றால் அந்த நம்பருக்குப் பணம் தர வேண்டாம்.

எங்கள் கான்ட்ராக்டர் "ஒரு வருடம் ஆகிவிட்டது, வாரண்டி முடிந்தது" என்கிறார். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. எல்லாம் சரியாகும் வரை அலாரம் அடித்தால் ஏசி ஃபேன் உடனே நிற்கும்படி மட்டும் வயரிங் செய்து வைத்திருக்கிறோம், இரவு டியூட்டியில் ஒரு ஆள் கூடுதலாக. ஸ்பிரிங்ளர் குழாயை நகர்த்துகிற வேலை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது.