கடைசி வார டெமோவா, வேலைப் பதிவா? இன்டர்னை நிரந்தரமாக்கும் முடிவு

இறுதியாண்டு பொறியியல் மாணவர்கள் பலர் ஜனவரியில் மென்பொருள் நிறுவனங்களுக்கு இன்டர்னாக வந்து ஜூன் வரை இருப்பார்கள். கிளம்புவதற்கு முன்னால், இவரை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, கடைசியில் டெமோவும் பேனல் இன்டர்வியூவும் வைப்பது. இன்னொன்று, அதுவரை அவர் செய்த வேலையின் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பது.

இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க, ஒரே டீமில் இரண்டு இன்டர்ன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் விற்பனை அறிக்கைகளுக்கான டாஷ்போர்டு ஒன்றைக் கட்டினார். டெமோவில் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாமவர் முதல் சின்னத் திருத்தத்தை முடிக்கவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார், டெமோவிலும் திணறினார். பேனல் முதலாமவரைத்தான் எடுக்கும்.

இப்போது இருவரின் கோட் ரிவ்யூ வரலாற்றைத் திறப்போம். முதலில் முதலாமவருடையது. டாஷ்போர்டின் வடிவமைப்பு முழுக்க மென்டர் எழுதியது. வெளிச் சேவை பதில் தராவிட்டால் என்ன செய்வது என்று கோடில் எங்கும் இல்லை. அதே குறையை பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று முறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொன்ன இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்ந்திருக்கிறார்.

இரண்டாமவருக்கு மார்ச்சில் ஒரு பக் வந்தது: சில வாடிக்கையாளர்களுக்கு ஒரே ரசீது இரண்டு முறை போகிறது. அவர் லாகைத் தேடி, பேமென்ட் கேட்வே ஒரே தகவலைச் சில நேரம் மறுபடி அனுப்புவதைக் கண்டுபிடித்தார். பரிவர்த்தனை எண்ணை டேட்டாபேஸில் மறுபடி பதிய முடியாதபடி செய்து, இரண்டாவது தகவல் வந்தால் ரசீது போகாமல் தடுத்தார். மென்டரிடம் கேட்ட கேள்விகளில், தான் எதையெல்லாம் முயன்று பார்த்தார் என்பதும் இருந்தது. ஜனவரியில் வாங்கிய ரிவ்யூ குறிப்புகள் ஏப்ரலில் திரும்ப வரவில்லை.

முழுநேர வேலையில் தேவைப்படுவது இரண்டாமவரிடம் தெரியும் இந்தக் குணம்தான்: இன்னும் தெளிவில்லாத வேலையை, இன்னும் குறைந்த உதவியோடு முடிப்பது. அதனால் என் ஓட்டு வேலைப் பதிவுக்கு.

ஆனால் பதிவை அப்படியே நம்பிவிடவும் முடியாது. மென்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது எதுவும், ரிவ்யூவுக்கு அனுப்பிய புல் ரெக்வெஸ்டில் தெரியாது. ஒருவருக்கு எளிய வேலையும் இன்னொருவருக்குச் சிக்கலான வேலையும் போயிருக்கலாம். டீமுக்கு வெளியே இருக்கும் ஒருவர் அரை மணி நேரம் இன்டர்ன் எழுதிய கோடை வைத்தே கேள்வி கேட்டால் இது வெளிப்படும். "இதே தகவல் ஒரே நொடியில் இரண்டு சர்வருக்கு வந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். தானே யோசித்து எழுதியவர் தடுமாறினாலும் பதிலை நோக்கிப் போவார். பேனலின் பயன் இந்த அளவுக்குத்தான்; அதற்குப் புதிர்க் கணக்கெல்லாம் வேண்டாம்.

அடுத்தது எழுதுவது. "நல்ல பையன், சீக்கிரம் கற்றுக்கொள்வார்" என்பது முடிவுக் குறிப்பே அல்ல, யாருக்கும் பொருந்தும். இரண்டாமவருக்கான 'சரி' இப்படி இருக்கலாம்: "எடுக்கலாம். இரட்டை ரசீது பக்கின் காரணத்தைத் தானே கண்டுபிடித்துத் தீர்த்தார். ஆரம்ப ரிவ்யூ குறிப்புகள் பிறகு திரும்ப வரவில்லை. புதிய கோட்பேஸில் தொடங்கும்போது மெதுவாக இருக்கிறார். முதல் மூன்று மாதம் ஒரு மென்டர் தேவை." குறையையும் எழுதிவைத்தால்தான் அடுத்த மேனேஜர் முதல் மாதத்திலேயே எரிச்சல்படாமல் இருப்பார்.

முதலாமவருக்கான 'இல்லை': "இப்போது எடுக்க வேண்டாம். வெளிச் சேவை தோல்வியைக் கையாளாத குறை மூன்று மாதங்களில் மூன்று முறை சுட்டப்பட்டும் நீடித்தது. வடிவமைப்பைத் தானாகச் செய்ததற்குச் சான்று இல்லை. திரையமைப்பு வேலை தரமாக இருந்தது." இதில் அவருடைய சுபாவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஆர்வம் போதாது' என்று எழுதினால், நாளைக்கு அவர் வந்து எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

இவருக்கு இந்தக் குறை மார்ச் இடைக்கால மதிப்பீட்டிலேயே எழுத்தில் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் தவறில் பாதி டீமுடையது. அப்போது மட்டும், தானே வடிவமைக்க வேண்டிய ஒரு சின்ன வேலையைக் கொடுத்து ஒரு மாதம் நீட்டிப்பதை நான் ஏற்பேன். மற்றபடி, 'இல்லை' சொல்லத் தயங்கித் தரும் நீட்டிப்பால் அந்த மாணவருக்கு வேறு இடம் தேடும் நேரம்தான் போகும்.

இடம் காலியில்லை என்பதற்காகச் சொல்லும் 'இல்லை' வேறு ரகம். அதைத் திறமைக் குறையாக ஜோடிக்கக் கூடாது. "வேலை திருப்தி, இந்த ஆண்டு பணியிடம் இல்லை" என்று உள்ளே பதிந்து, அவரிடமும் அதையே சொல்லிவிடலாம். பிறகு இடம் திறந்தால் அந்தக் குறிப்பை வைத்தே கூப்பிடலாம். எந்த 'இல்லை'யாக இருந்தாலும் மே தொடக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். தாமதித்தால், கையில் ஆஃபர் வரும் என்று நம்பி கல்லூரிக்கு வரும் கடைசி நிறுவனங்களையும் அவர் விட்டுவிடக்கூடும்.