இரண்டு மின்தேக்கிகளை இணைக்கும்போது தொலையும் ஆற்றல்: நேரடி சுவிட்சா, மின்தடையா, காயிலா?

1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 20 வோல்ட்டில் இருக்கிறது. அதே அளவில் இன்னொன்று காலியாக இருக்கிறது. மைனஸ் முனைகளைச் சேர்த்துவிட்டு, பிளஸ் முனைகளுக்கு நடுவே உள்ள சுவிட்சைப் போட்டால் 20 மில்லிகூலோம் மின்னூட்டம் சரிபாதியாகப் பிரிந்து, இரண்டும் 10 வோல்ட்டில் நிற்கும். மின்னூட்டம் குறையவில்லை. ஆற்றலோ 0.2 ஜூலிலிருந்து 0.1 ஜூலாக இறங்கிவிட்டது. இழப்பு இவ்வளவு:

½ · (C1·C2/(C1+C2)) · (V1−V2)²

இதில் R எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரடியாக இணைத்தால், மின்தேக்கிகளின் உள்தடையும் கம்பியும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கணத்தில் 200 ஆம்பியர் பாயப் பார்க்கும். சில நூறு மைக்ரோ நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த 0.1 ஜூல் உள்தடையிலும், சுவிட்ச் முனையின் தீப்பொறியிலும் வெப்பமாகிறது. சிறிய ரிலே என்றால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். சுவிட்சைத் திறந்த பிறகும் இணைப்பு விடாமல் இருந்தால் அதுதான் காரணம்.

நடுவே 100 ஓம் மின்தடை வைத்தால் உச்ச மின்னோட்டம் 0.2 ஆம்பியர்தான், கால மாறிலி 50 மில்லி நொடி. சுவிட்ச் தப்பிக்கும். ஆனால் இழப்பு அதே 0.1 ஜூல், வெப்பம் எங்கே, எவ்வளவு மெதுவாக வெளிவருகிறது என்பது மட்டுமே மாறுகிறது. மின்தடையை மாற்றி மாற்றி ஆற்றலைச் சேமிக்கப் பார்ப்பது வீண் வேலை.

1 மில்லிஹென்றி காயில் வைத்தால் கதை மாறும். சுமார் 1.1 மில்லி நொடியில் இரண்டும் 10 வோல்ட்டைத் தொடும். அப்போது காயிலில் 14.1 ஆம்பியர் ஓடுகிறது. ½·L·I² போட்டுப் பாருங்கள்: 0.1 ஜூல். மற்ற இரு முறைகளில் வெப்பமாகிப் போன அதே ஆற்றல் இங்கே காந்தப்புலத்தில் உயிரோடு இருக்கிறது. டயோடு இல்லாவிட்டால் மின்னோட்டம் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் கம்பித் தடையில் அதே 0.1 ஜூலை இழந்து 10 வோல்ட்டில் அடங்கும். தொடரில் ஒரு டயோடு சேர்த்தால் 2.2 மில்லி நொடியில் மின்னோட்டம் நின்றுவிடும். கம்பித் தடையை விட்டுவிட்டு 0.7 வோல்ட் டயோடு இறக்கத்தை மட்டும் கணக்கிட்டால், இரண்டாவது மின்தேக்கி 19.3 வோல்ட்டுக்கு ஏறும், முதலாவது 0.7 வோல்ட்டுக்கு இறங்கும். இழப்பு சுமார் 13.5 மில்லிஜூல்.

காயில் 14 ஆம்பியரிலும் தெவிட்டாத கருவுடையதாக இருக்க வேண்டும். தெவிட்டினால் தூண்டல் சரிந்து மின்னோட்டம் எகிறும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்பகு மின்தேக்கிகளில் ±20% வேறுபாடு சகஜம். முதலாவது 800, இரண்டாவது 1200 மைக்ரோஃபாரட் என்று அமைந்துவிட்டால், முதலாவது மைனஸ் 3 வோல்ட்டுக்கும் கீழே இழுக்கப்படும்; தலைகீழ் மின்னழுத்தம் அதைக் கெடுக்கும். காத்தோடு பிளஸ் முனையிலும் ஆனோடு மைனஸ் முனையிலும் இருக்க, முதலாவதுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டால் காயிலின் மீதி மின்னோட்டம் அதன் வழியே ஓடி இரண்டாவதில் சேரும்.

காயிலுக்கு இடமில்லையென்றால், மின்னழுத்த வேறுபாட்டைக் குறைப்பதுதான் வழி. 20 வோல்ட்டையும் 19 வோல்ட்டையும் இணைத்தால் இழப்பு வெறும் 0.25 மில்லிஜூல்.