வேலையை விட்டவர்களின் யூசர் ஐடி: ஆக்டிவ் டைரக்டரியோடு சில ஆண்டுகள்

மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் ஒரு சர்வர், வடக்கு மாசி வீதி அலுவலகத்தில் ஒரு சர்வர். ஊழியர்களின் யூசர் ஐடிகளையும் உரிமைகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி இரண்டிலும் ஓடுகிறது. புதிதாக ஆள் சேர்ந்தால் ஐடி உருவாக்குவது எப்படி என்று எழுதியிருப்பவர்கள் நிறைய. ஆள் போன பிறகு அந்த ஐடியை என்ன செய்வது என்பதுதான் பல வருடங்களாக எனக்கு அதிக வேலை வைத்திருக்கிறது. அந்த அனுபவம்தான் இது.

எங்கள் பக்கம் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு வேலை மாறுகிறவர்கள் அதிகம். அதனால் பெரிய பரிசோதனையை தீபாவளி முடிந்த மாதத்தில் வைத்துக்கொள்கிறேன். மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆரம்ப வருடங்களில், எல்லோரும் செய்வதுபோல நானும் முதலில் இந்தக் கட்டளையைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்:

```powershell
Search-ADAccount -AccountInactive -TimeSpan 90.00:00:00 -UsersOnly |
  Where-Object Enabled |
  Select-Object SamAccountName, LastLogonDate
```

90 நாளாக லாகின் ஆகாத, ஆனால் இன்னும் திறந்தே இருக்கும் 'தூங்கும்' ஐடிகளை இது காட்டும். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கடைசி லாகின் தேதி ஆக்டிவ் டைரக்டரியில் இரண்டு இடங்களில் பதிவாகிறது. `lastLogon` என்பது அந்தந்த சர்வரிலேயே தங்கிவிடும். மாசி வீதியில் லாகின் ஆனவரின் தேதி கப்பலூர் சர்வருக்கு வராது. `lastLogonTimestamp` எல்லா சர்வருக்கும் போகும், ஆனால் ஒவ்வொரு லாகினுக்கும் மாறாது. பழைய தேதி ஏறக்குறைய 9 முதல் 14 நாள் தாண்டினால்தான் புதுப்பிக்கப்படும். மேலே உள்ள கட்டளை இந்த இரண்டாவதைத்தான் பார்க்கிறது. 90 நாள் என்று தேடினால் அந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது. பத்து நாள் போன்ற குறுகிய காலத்துக்கு இந்தத் தேதியை நம்ப முடியாது.

சரி, பட்டியல் வந்துவிட்டது. ஆனால் அதில் இருப்பவர்கள் எல்லோரும் போனவர்கள் இல்லை. மகப்பேறு விடுப்பில் 26 வாரம் இருப்பவர் நிச்சயம் அதில் வருவார். அதைவிடப் பெரிய சிக்கல், உண்மையிலேயே போனவர் அந்தப் பட்டியலில் வராமலே இருப்பது.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு தீபாவளிக்குப் பிறகு, தூங்கும் ஐடிகளின் பட்டியலோடு நிறுத்தாமல், ஹெச்.ஆரிடம் அந்த மாதச் சம்பளப் பட்டியலை வாங்கி, திறந்திருக்கும் எல்லா ஐடிகளோடும் ஊழியர் எண் வாரியாக ஒப்பிட்டேன். பர்ச்சேஸில் இருந்து எப்போதோ விலகிய ஒருவரின் ஐடி திறந்தே இருந்தது. அவர் போன தகவல் கணினிப் பிரிவுக்கு வந்ததே இல்லை. கடைசி லாகின் தேதியோ அதே மாதம்! பாஸ்வேர்டு காலாவதி ஆகாது என்ற டிக்கும் போட்டிருந்தது.

உடனே டிசேபிள் செய்யத்தான் கை போகும். ஆனால் யார் அல்லது எது அந்த ஐடியில் நுழைகிறது என்று தெரியாமல் மூடினால், கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விடும். இரண்டு சர்வர்களின் செக்யூரிட்டி லாகிலும் 4768 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடினேன். ஒருவர் லாகின் ஆகும்போது ஆக்டிவ் டைரக்டரி சர்வர் அவருக்கு நுழைவு டிக்கெட் கொடுத்ததை அது சொல்லும், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து கேட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். தினமும் இரவில் ஒரே முகவரி: எடைமேடை அறையின் கணினி. அங்கே போய்ப் பார்த்தால், எந்த வகை லாகின் என்று சொல்லும் 4624 பதிவில் Logon Type 4. ஆள் உட்கார்ந்து நுழைந்தால் 2 என்று வரும். 4 என்றால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். எடைச் சீட்டுக் கோப்புகளை இரவில் சர்வருக்கு நகலெடுக்கும் ஒரு வேலையை, விலகியவர் தன் ஐடியிலேயே அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், பர்ச்சேஸ் விலைக் கோப்புகள் அவ்வளவும் அந்த ஐடிக்குத் திறந்தே கிடந்தன.

அந்த இரவு வேலையைத் தனி சர்வீஸ் ஐடிக்கு மாற்றினேன். ஆக்டிவ் டைரக்டரியே 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு, அதைத்தான் பயன்படுத்தினேன். மனிதர் யாருக்கும் அந்தப் பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. மறுநாள் காலை கோப்புகள் வந்துவிட்டதை ஸ்டோர்ஸில் உறுதி செய்த பிறகுதான் பழைய ஐடியை மூடினேன். அன்றிலிருந்து சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் எனக்கு முதல் வேலை, தூங்கும் ஐடிகளின் பட்டியல் அதற்கு அப்புறம்தான். ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஐடி உருவாக்கும்போதே மூன்று மாதத்தில் முடியும்படி தேதி போட்டுவிடுகிறேன். வேலை நீண்டால் சூப்பர்வைசரே போன் செய்து நீட்டிக்கச் சொல்கிறார்.

மூடுவதிலும் சில விஷயங்கள் உண்டு. எடுத்த எடுப்பில் அழிப்பதில்லை. அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் வேறாகிவிடும், பழைய உரிமைகள் திரும்பாது. கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் `S-1-5-21-` என்று தொடங்கும் நீள எண் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே அழிக்கப்பட்ட ஒருவர் இருந்தார் என்று அர்த்தம். அதனால் முதலில் டிசேபிள், சில மாதம் கழித்துத்தான் அழிப்பு. டிசேபிள் செய்த நொடியிலேயே எல்லாம் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கிய டிக்கெட் இயல்பாக 10 மணி நேரம் வரை செல்லும். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர் என்றால், சர்வரில் அவர் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளையும் கையோடு துண்டிக்கிறேன். லேப்டாப்பைத் திருப்பித் தராதவர், நெட்வொர்க் இல்லாத இடத்தில் பழைய பாஸ்வேர்டிலேயே அதற்குள் நுழைய முடியும், ஏனென்றால் விண்டோஸ் பழைய லாகின்களை நினைவில் வைத்திருக்கும். சர்வருக்குள் வர முடியாதுதான், ஆனால் லேப்டாப்பில் இருக்கும் கோப்புகள் அவர் கையில்.

வேலையில் இருப்பவர்களின் உரிமைகளைச் சரிபார்ப்பதுதான் இன்னும் இழுபறி. பர்ச்சேஸிலிருந்து கணக்குப் பிரிவுக்கு மாறியவருக்குப் புது குரூப் சேரும், பழையது போகாது. குரூப் பெயர்களைப் பட்டியலாக அனுப்பினால் துறைத் தலைவர்கள் படிக்காமலே "ஓகே" போடுகிறார்கள். கோப்புறையின் பெயரையும் ஆளின் பெயரையும் எழுதி நேரில் கொண்டுபோனேன். ஸ்டோர்ஸ் மேனேஜர் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இந்தப் பையன் டிஸ்பாட்ச்சுக்குப் போயி ரொம்ப நாளாச்சே, இவனுக்கு எதுக்கு விலைப் பட்டியல்?" என்றார். அப்படிக் கேட்க வைத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

ஆக்டிவ் டைரக்டரியின் கைக்கு எட்டாதவையும் உண்டு. டேலி பாஸ்வேர்டு, வைஃபை, இ-வே பில் எல்லாம் தனித்தனி. இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை முடக்கும் வசதி இருக்கிறது. அனுப்புகைப் பிரிவில் ஆள் மாறினால் அன்றே செய்துவிடுவோம். ஜி.எஸ்.டி. தளத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். கணக்கரின் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அங்கே பதிவாகியிருந்தால், அவர் போன பிறகும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். எண்ணை மாற்றுவதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை, திருத்தப் பகுதியில் நாமே மாற்றலாம். இப்போது கணக்குப் பிரிவில் யார் விலகினாலும், இந்த மாற்றம் முடிந்ததைக் கணினிப் பிரிவு கையெழுத்திட்ட பிறகுதான் ஹெச்.ஆர். ரிலீவிங் கடிதம் தருகிறது.